மூணு மெசேஜ், பதினாலு நிமிஷம், 98,999 ரூபாய்: எங்க அத்தை ஓடிபி சொன்ன கேஸ்

எங்க அத்தைக்கு 63 வயசு. கும்பகோணம் பக்கம் ஒரு உதவி பெறும் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. ஏமாந்தவங்கன்னு சொன்னதும் படிக்காதவங்க, விவரம் தெரியாதவங்கன்னு நம்ம மனசுல ஒரு உருவம் வரும் இல்ல, அதுல அத்தை சேர மாட்டாங்க. கரன்ட் பில், ட்ரெயின் டிக்கெட் எல்லாம் அவங்களே போன்ல கட்டுவாங்க. ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னாங்க. ஏன் சொன்னாங்கன்னு நான் அவங்க கூட உக்காந்து நிமிஷம் நிமிஷமா கேட்டு எழுதி வச்சதுதான் இது. நான் வேற ஒரு பேங்க்ல கார்டு டிஸ்ப்யூட் செக்‌ஷன்ல ஆறு வருஷம் இருந்திருக்கேன், அதனால அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அத்தைகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், ஊர், பேங்க் பேரு எல்லாம் வேண்டாம்.

நடந்தது 2025 ஜூன் 14. ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. லீவு நாள்ல கூப்பிட்டா "இருங்க, நான் பிராஞ்சுக்கே நேர்ல வந்து பாத்துக்கறேன்"னு யாரும் சொல்ல முடியாது.

11:42, போன் வருது

சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர். நல்ல தமிழ், மரியாதையான குரல். "வணக்கம் மேடம், நீங்க கணக்கு வச்சிருக்கற பேங்க்கோட கார்டு செக்‌ஷன்ல இருந்து பேசறேன், உங்க டெபிட் கார்டுக்கு கேஒய்சி முடியலை, இன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு கார்டு பிளாக் ஆயிடும், அதான் ஞாபகப்படுத்தலாம்னு"ன்னு ஆரம்பிச்சிருக்கான். அத்தை பேரு, பேங்க் பேரு ரெண்டையும் சரியா சொன்னான். அத்தை உடனே நம்பல. "நீங்க பேங்க்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டிருக்காங்க. அதுக்கு அவன் "நல்ல கேள்வி மேடம், நீங்க கார்டைக் கையில எடுங்க, முதல் ஆறு நம்பரை நானே சொல்றேன், சரியான்னு பாருங்க"ன்னு சொல்லி, சொல்லியும் காட்டியிருக்கான். ஆறும் சரியா இருந்துச்சு. அத்தை இறங்கி வந்தது அந்த இடத்துலதான்.

அந்த ஆறு நம்பர்ல ரகசியம்னு ஒண்ணுமே இல்லை. பதினாறு இலக்க கார்டு நம்பர்ல முதல் ஆறு இலக்கம் எந்த பேங்க், எந்த வகை கார்டுன்னு காட்டறதுக்குத்தான் இருக்கு. அதே பேங்க்ல அதே வகை கார்டு வச்சிருக்கற ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த ஆறும் ஒண்ணுதான். அந்த பேங்க் கார்டு ஒண்ணு கையில இருந்தாப் போதும், யார் வேணாலும் சொல்லிடலாம். ஒவ்வொருத்தருக்கும் மாறுறது அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர்கள்தான். அதை அவன் சொல்லவே இல்லை, "மீதியை நீங்க சொல்லுங்க மேடம், ரெக்கார்டோட மேட்ச் ஆகுதான்னு பாக்கறேன்"னு அத்தையைச் சொல்ல வச்சான். அப்படியே எக்ஸ்பைரி, அக்கவுன்ட் நம்பர், கடைசியா பின்பக்கம் இருக்கற மூணு இலக்க சிவிவி. 11:47க்குள்ள எல்லாம் அவன் கைக்குப் போயாச்சு.

இவ்வளவு போயும் அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு ரூபாகூட போகலை, போகவும் முடியாது. இந்தியாவுல கார்டு நம்பரைப் போட்டு ஆன்லைன்ல வாங்கணும்னா அதுக்கு மேல இன்னொரு உறுதிப்படுத்தல் வேணும்னு ரிசர்வ் பேங்க் 2009லயே கட்டாயமாக்கிடுச்சு. ஓடிபி அந்த இடத்துலதான் வருது. கார்டு விவரம் பூரா திருட்டுப் போனாலும் நடுவுல ஒரு கதவு இருக்கு, அதுக்கு சாவி அத்தை போனுக்கு மட்டும்தான் வரும். அவன் மெனக்கெட்டு போன் பண்ணி மரியாதையா பேசினது பூரா அந்த ஒரு சாவிக்காகத்தான்.

முதல் ஓடிபி

"இப்ப உங்களுக்கு பேங்க்ல இருந்து ஒரு மெசேஜ் வரும் மேடம், அதுல ஆறு இலக்க நம்பர் இருக்கும், அது கேஒய்சி வெரிஃபிகேஷன் நம்பர்"னு சொன்னான். சொல்லி வாய் மூடலை, மெசேஜ் வந்துச்சு. அதுவும் போலி மெசேஜ் இல்லை, எப்பவும் பேங்க் மெசேஜ் வர்ற அதே பேருல இருந்து, பழைய பேங்க் மெசேஜ்களுக்குக் கீழயே வந்து உக்காந்துச்சு. அத்தை என்கிட்ட சொன்ன வார்த்தையை அப்படியே போடறேன்: "அவன் சொன்ன மாதிரியே பேங்க்ல இருந்து வந்துச்சேடா, அப்புறம் அவன் எப்படி பேங்க் இல்லாம இருப்பான்?"

என்னைக் கேட்டா இந்த மோசடி மொத்தமும் நிக்கிறது இந்த ஒரு கேள்வி மேலதான். மெசேஜ் நிஜம், அதனால ஆளும் நிஜம்னு மனசு முடிச்சுப் போட்டுடுது. ஆனா மெசேஜ் வரும்னு அவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சதுக்குக் காரணம் அவன் பேங்க் ஆளுங்கறது இல்லை, அதை வர வச்சதே அவன்தான். அந்த நேரத்துல அவன் முன்னாடி ஒரு ஷாப்பிங் சைட்டோ வாலட் ஆப்போ திறந்திருக்கும், அதுல அத்தையோட கார்டு நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி எல்லாம் போட்டு, தொகையையும் போட்டு, 'பணம் செலுத்து' பட்டனை அமுக்கியிருப்பான். அமுக்கின உடனே அந்த சைட் அத்தையோட பேங்க் சர்வர்கிட்ட போய் "இந்தக் கார்டுல இவ்வளவு எடுக்கலாமா?"னு கேக்கும். பேங்க் சர்வர் அந்த ஒரு பரிவர்த்தனைக்குன்னு ஒரு நம்பரை உருவாக்கி, ரெஜிஸ்டர் ஆன மொபைலுக்கு அனுப்பிட்டு, அந்த நம்பரைப் போடறதுக்கு ஒரு கட்டத்தைத் திறந்து வச்சுக் காத்துக்கிட்டு இருக்கும். மெசேஜ் வந்தது கும்பகோணத்துக்கு, கட்டம் திறந்திருக்கறது அவன் ஸ்கிரீன்ல.

பேங்க் சர்வருக்கு கண்ணும் கிடையாது காதும் கிடையாது. போன் வச்சிருக்கறவங்களும் கட்டத்துல நம்பர் போடறவங்களும் ஒரே ஆள்ங்கற ஒரே ஒரு நம்பிக்கையிலதான் அது வேலை செய்யுது. நடுவுல ஒரு போன் கால் ஓடிக்கிட்டு இருக்குங்கறது அதுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால அத்தை ஆறு நம்பரை வாய்விட்டுச் சொன்ன நிமிஷம், பேங்க் கணக்குல அத்தையே உக்காந்து தன் கையால டைப் பண்ணி "ஆமா, எடுத்துக்கோ"ன்னு சொன்ன மாதிரிதான் பதிவாகுது. தொகையும் வாங்கறவர் பேரும் வேற ஒருத்தன் எழுதின செக்ல, எழுதினதைப் படிக்காம நாம கையெழுத்துப் போட்டு நீட்டினா எப்படி இருக்குமோ அதேதான்.

அந்த மெசேஜை நான் அப்புறம் அத்தை போன்ல எடுத்துப் பாத்தேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. முதல்ல ஆறு நம்பர், அடுத்து 9,999 ரூபாய்க்கான பரிவர்த்தனைன்னு, அடுத்து ஒரு வாலட் கம்பெனி பேரு, கார்டோட கடைசி நாலு இலக்கம், கடைசியா யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒரு வரி. கேஒய்சிங்கற வார்த்தையே அதுல இல்லை. எல்லாமே எழுதியிருந்துச்சு, ஆனா அத்தை அதைப் படிக்கவே இல்லை. ஏன்னா போன் ஸ்பீக்கர்ல ஓடுது, மெசேஜ் வந்ததும் மேல ஒரு பட்டை மாதிரி எட்டிப் பாக்கும் இல்ல, அந்தப் பட்டையில மெசேஜோட முதல் வரிதான் தெரியும், அந்த முதல் வரியில நம்பர் இருந்துச்சு. அத்தை மெசேஜைத் திறக்காமலே பட்டையைப் பாத்து நம்பரைச் சொல்லிட்டாங்க. நம்பரை முதல்ல போட்டுட்டு தொகையைப் பின்னாடி தள்ற இந்த வரிசையை மாத்தணும்னு நான் வேலையில இருந்தப்பவே நினைச்சிருக்கேன். தொகையும் கடை பேரும் முதல்ல வந்து நம்பர் கடைசியில வந்தா, நம்பரைத் தேடிப் போற கண்ணு தொகையைத் தாண்டித்தான் போகணும்.

"கேன்சல் பண்றேன் மேடம்"

11:49க்கு 9,999 பிடிச்சாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, இதை அத்தை கவனிச்சிட்டாங்க. "என்னப்பா இது, பணம் போயிருக்கு!"ன்னு பதறிக் கேட்டிருக்காங்க. இந்த இடத்துல அவன் போனை வச்சிடுவான்னுதானே நினைப்போம், வைக்கலை. அவனும் சேர்ந்து பதறினான். "ஐயோ மேடம், உங்க கார்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல, இங்க என் சிஸ்டத்துலயும் தெரியுது, இன்னும் 49,000 எடுக்கப் பாக்கறாங்க, லைன்லயே இருங்க, நான் தடுக்கறேன், இப்ப ஒரு கேன்சலேஷன் நம்பர் வரும், அதுல 49,000னுதான் போட்டிருக்கும், பயப்படாதீங்க, அதைச் சொன்னாதான் என்னால நிறுத்த முடியும்."

வந்துச்சு. 49,000னே போட்டிருந்துச்சு. இந்தத் தடவை அத்தை தொகையைப் படிச்சாங்க, ஆனா படிச்சும் பிரயோஜனம் இல்லாமப் போச்சு, ஏன்னா அந்தத் தொகைக்கு ஒரு அர்த்தத்தை அவன் முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டான். சொன்னாங்க. 11:52. அப்புறம் அதே கதையில இன்னொண்ணு, 40,000. 11:55. அதையும் சொன்னாங்க.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான், ஏன்னா இதுக்கு மட்டும் பதில் ரொம்ப சின்னது. ஒரு பரிவர்த்தனையை நிறுத்தறதுக்கு ஓடிபி தேவையே இல்லை. ஓடிபி போடலைன்னாலே அது நின்னுடும். நாம எதுவும் பண்ண வேண்டாம், போனை டேபிள் மேல வச்சிட்டு காபி போடப் போனாப் போதும், சில நிமிஷத்துல அந்த நம்பர் தானா செத்துப் போயிடும், அந்தப் பரிவர்த்தனையும் அதோட விழுந்துடும். 'ஆமா' சொல்றதுக்கு மட்டும்தான் அந்தக் கட்டம், 'வேண்டாம்' சொல்றதுக்கு நம்பர் எதுவும் போட வேண்டியதில்லை. பேங்க்ல நாங்க கார்டை பிளாக் பண்ணும்போது ஒருநாளும் கஸ்டமர்கிட்ட பணப் பரிவர்த்தனைக்கு வந்த ஓடிபியைக் கேட்டதில்லை. கேட்டாலும் அதைப் போட எங்க ஸ்கிரீன்ல இடமே கிடையாது, அது பணம் கட்டற பக்கத்துல மட்டும்தான் இருக்கும்.

நாலாவது மெசேஜ்

மூணாவது போனதும் கார்டோட அன்றாட ஆன்லைன் வரம்பான ஒரு லட்சம் கிட்டத்தட்ட தீர்ந்துடுச்சு. 9,999, 49,000, 40,000, மொத்தம் 98,999. வரம்புக்குள்ள அடங்கற மாதிரி கணக்குப் போட்டே எடுத்திருக்கான். முதல்ல சின்னத் தொகை போட்டது கார்டு வேலை செய்யுதா, இந்த அம்மா சொல்வாங்களான்னு பாக்கறதுக்கு.

கார்டு முடிஞ்சதும் அவன் அக்கவுன்ட்டுக்கே வந்துட்டான். 11:56க்கு நாலாவது மெசேஜ், அது நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாத்தறதுக்கான ஓடிபி. அத்தைக்கு அதே அக்கவுன்ட்ல ரிட்டயர்மென்ட் பணத்துல போட்ட ஃபிக்சட் டெபாசிட் இருக்கு. நெட் பேங்கிங் உள்ள போயிட்டா டெபாசிட்டை உடைக்கலாம், அதை அடமானமா வச்சு உடனே கடனும் எடுக்கலாம், பிராஞ்சுக்குப் போகாமலே. அந்த ஒரு நம்பரையும் சொல்லியிருந்தா நான் இன்னைக்கு எழுதற தொகையே வேறயா இருந்திருக்கும்.

அத்தை சொல்லலை. காரணம் புத்திசாலித்தனம்கூட இல்லைன்னு அவங்களே சொல்றாங்க. அவன் அவசரப்படுத்தினதுல கை தவறி மெசேஜ் முழுசா திறந்துடுச்சு, 'பாஸ்வேர்ட்'ங்கற வார்த்தை கண்ணுல பட்டுச்சு. "பணத்தை நிறுத்தறதுக்கு எதுக்கு என் பாஸ்வேர்டை மாத்தணும்?"னு கேட்டிருக்காங்க. அவன் குரலே மாறிடுச்சு. "சொல்லுங்க மேடம், முப்பது செகண்ட்தான் இருக்கு, அப்புறம் பணம் போனா நான் பொறுப்பில்ல!"ன்னு கத்தியிருக்கான். முப்பத்தோரு வருஷம் வகுப்பறையில நின்னவங்ககிட்ட கத்தினா என்ன ஆகும், போனைக் கட் பண்ணிட்டாங்க.

அப்புறம் நடந்தது

எனக்குப் போன் வந்தது 12:20க்கு. நடுவுல இருபத்து நாலு நிமிஷம் அத்தை என்ன பண்ணாங்கன்னா, பூஜை ரூம் வாசல்ல உக்காந்திருந்தாங்க. "உன்கிட்ட எப்படிடா சொல்றது, நீ பேங்க்ல வேலை பாத்த பையன், உன் அத்தையே இப்படிப் பண்ணிட்டாளேன்னு நினைச்சேன்"னு சொன்னாங்க. அந்த வெக்கம் எவ்வளவு விலை உள்ளதுன்னு கீழ வர்ற கணக்கைப் பாத்தா தெரியும்.

நான் சொன்னது ரெண்டே வேலை. கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு கார்டையும் நெட் பேங்கிங்கையும் பிளாக் பண்ணுங்க, புகார் நம்பர் வாங்குங்க. அடுத்தது சைபர் மோசடிப் புகாருக்கான ஹெல்ப்லைன் 1930. கூகுள்ல பேங்க் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடாதீங்கன்னு அழுத்தி சொன்னேன், ஏன்னா அங்கயும் இதே மாதிரி ஆளுங்க போலி நம்பர் போட்டு வச்சிருப்பாங்க. 12:26க்கு பிளாக் ஆச்சு. 1930 முதல் தடவை கிடைக்கலை, ரெண்டாவது தடவை 12:31க்கு கிடைச்சுது. அவங்க கேட்டது அக்கவுன்ட் விவரம், எந்த நேரத்துல எவ்வளவு போச்சு, மெசேஜ்ல இருக்கற பரிவர்த்தனை எண், கூப்பிட்டவன் நம்பர். அதனாலதான் பயத்துல மெசேஜை எல்லாம் அழிச்சிடாதீங்கன்னு சொல்றது. அன்னைக்கு சாயங்காலமே cybercrime.gov.in சைட்ல புகாரை முழுசா பதிவு பண்ணிட்டோம்.

1930 எப்படி வேலை செய்யுதுன்னா, புகார் பதிவானதும் பணம் போன வாலட்டுக்கும் பேங்க்குக்கும் தகவல் போகும், அங்க பணம் இன்னும் இருந்தா அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பாங்க, வேற இடத்துக்குத் தாண்டியிருந்தா அந்த பேங்க்குக்குத் தகவல் தாண்டும். பணம் ஒரு பக்கம் ஓடுது, புகார் பின்னாடி துரத்துது, யாரு முந்தறாங்கங்கறதுதான் விஷயம். எங்க கேஸ்ல 9,999 வாலட்லயே இருந்துச்சு, நின்னுடுச்சு. 40,000 வாலட்ல இருந்து வேற மாநிலத்துல யாரோ ஒருத்தர் பேருல இருக்கற அக்கவுன்ட்டுக்குப் போய், அதுல 22,000 ஏடிஎம்ல எடுத்தாச்சு, மீதி 18,000 மாட்டுச்சு. 49,000க்கு கிஃப்ட் வவுச்சர் வாங்கியிருக்கான், வவுச்சர்ங்கறது வெறும் கோடு நம்பர், மின்னஞ்சல்ல வந்த நிமிஷமே வேற ஒருத்தருக்கு வித்துடலாம், அதுல ஒரு பைசா திரும்பலை. ஆக 27,999 நின்னுச்சு, 71,000 போச்சு. அந்த 22,000ஐ ஏடிஎம்ல எடுத்த நேரம் 12:17. பூஜை ரூம் வாசல்ல போன இருபத்து நாலு நிமிஷத்துக்குள்ளதான் அது. இதை நான் அத்தைகிட்ட இன்னும் சொல்லலை, அவங்க இதைப் படிச்சாதான் தெரிஞ்சுக்குவாங்க.

நின்ன பணமும் உடனே வரலை. போலீஸ் அறிக்கை, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு, உத்தரவுன்னு அலைஞ்சு டிசம்பர்லதான் கைக்கு வந்துச்சு.

பேங்க் ஏன் குடுக்கலை

இதுல நிறைய பேருக்குக் கோபம் வரும், எனக்கும் வந்துச்சு, ஆனா விதி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும். 2017 ஜூலையில ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு, வாடிக்கையாளர் அனுமதி இல்லாம நடந்த மின்னணு பரிவர்த்தனையில யாருக்கு எவ்வளவு பொறுப்புன்னு. தப்பு பேங்க்கோடதா இருந்தா வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. பேங்க்கும் காரணம் இல்லாம நாமளும் காரணம் இல்லாம நடுவுல எங்கயோ ஓட்டைன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா அப்பவும் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனா நாமளே ரகசிய விவரத்தைச் சொன்னதால போச்சுன்னா, பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் பூராவும் நம்ம தலையிலதான். சொன்னதுக்கு அப்புறமும் போச்சுன்னா அதுக்கு பேங்க் பொறுப்பு.

அத்தை கேஸ்ல மூணுமே சரியான ஓடிபியோட, முதல் முயற்சியிலயே போயிருக்கு. பேங்க்கோட பதில் ஒரே பத்திதான், பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது, சரியா உள்ளிடப்பட்டது, எங்க பக்கம் குறை இல்லைன்னு. நான் வேலையில இருந்தப்ப இதே பத்தியை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கேன். பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்டயும் போனோம், அங்கயும் அதேதான். மத்த ஆதாரம் எல்லாத்தையும் எதிர்த்துப் பேசலாம், கார்டு விவரம் எங்கயோ கசிஞ்சுதுன்னு சொல்லலாம், ஆனா ஓடிபியை நாமளே வாய்விட்டுச் சொன்னோம்னு ஆனதுக்கு அப்புறம் அது மோசடியால நடந்ததுங்கற நம்ம வாதம் போலீஸ்கிட்ட நிக்கும், பேங்க்கிட்ட நிக்காது.

எங்க இருந்து வந்தது இந்தப் பழக்கம்

ஓடிபியைச் சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்ச அத்தை முதல் நம்பரை அவ்வளவு சுலபமா ஏன் சொன்னாங்கன்னு நான் துருவித் துருவிக் கேட்டேன். அவங்க சொன்ன பதில் என்னை யோசிக்க வச்சிடுச்சு. "கேஸ் சிலிண்டர்காரருக்கு சொல்றேன், ஆட்டோக்காரருக்கு சொல்றேன், பார்சல் கொண்டாற பையனுக்கு சொல்றேன், மாசத்துல பத்து தடவை சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்."

உண்மைதானே. ஒரு பக்கம் சொல்லாதேன்னு பயமுறுத்தறோம், இன்னொரு பக்கம் தினமும் சொல்ல வச்சுப் பழக்கறோம். நான் அத்தைக்கு வித்தியாசத்தை இப்படித்தான் சொன்னேன்: சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கறாரு, சிலிண்டர் வீட்டுக்குள்ள வந்தாச்சு, அந்த நம்பர் 'பொருள் வந்து சேந்துச்சு'ன்னு நீங்க குடுக்கற ரசீது. ஆட்டோ கண்ணு முன்னாடி நிக்குது. போன்ல கேக்கறவன் முன்னாடி உங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை, அந்த நம்பர் எதுக்கு ரசீதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால சிலிண்டர் நம்பரைக்கூட சிலிண்டர் வந்து இறங்கின அப்புறம்தான் சொல்லணும், "வந்துக்கிட்டே இருக்கேன், நம்பரை இப்பவே சொல்லுங்கம்மா"ன்னு போன்ல கேட்டா வேண்டாம். ஆர்டர் பண்ணாத பார்சலை கேன்சல் பண்ண நம்பர் கேக்கறதும் அதே ஜாதிதான்.

இன்னொண்ணும் அத்தைக்கு சொல்லி வச்சேன், ஏன்னா இப்ப நம்ம வாயாலகூட சொல்ல வைக்கறது இல்லை. ஓடிபி மெசேஜா வராம போன் காலாவும் வரும், ஒரு பதிவு செஞ்ச குரல் நம்பரைப் படிக்கும். ஏற்கனவே லைன்ல இருக்கறவன் "உங்க ஃப்ரெண்ட் வேற நம்பர்ல இருந்து கூப்பிடறாரு, ரெண்டு காலையும் மெர்ஜ் பண்ணுங்க"ன்னு சொல்வான், நாம பட்டனை அமுக்கின உடனே அந்தக் குரல் படிக்கற நம்பரை அவனும் சேந்து கேட்டுக்கறான். நாம ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம், ஆனா சொன்ன கணக்குதான்.

பேங்க்குகள் பரிவர்த்தனை, சேவை சம்பந்தமா கூப்பிட 1600ல ஆரம்பிக்கற நம்பரைத்தான் பயன்படுத்தணும்னு 2025 ஜனவரியில ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு, அதனால சாதாரண பத்து இலக்க மொபைல்ல இருந்து 'பேங்க்'னு வந்தாலே சந்தேகப்படலாம். ஆனா இதை மட்டும் நம்பி இருக்காதீங்கன்னும் அத்தைகிட்ட சொன்னேன், எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் ஓடிபிக்கு ஒரே விதிதான். புது கார்டு வந்ததும் ஆன்லைன் வரம்பை ஒரு லட்சத்துல இருந்து 5,000க்கு இறக்கினோம். அது பேங்க் ஆப்லயே இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. டிக்கெட் போட அது போதும். போன்ல மெசேஜ் மேல் பட்டையில நம்பர் தெரியாதபடி மறைச்சும் வச்சேன், இனிமே நம்பர் வேணும்னா மெசேஜைத் திறந்துதான் ஆகணும்.

ஆகஸ்ட்ல அத்தைக்கு மறுபடியும் ஒரு போன் வந்துச்சு. பொம்பளைக் குரல், சைபர் கிரைம் ரீஃபண்ட் செக்‌ஷன்னு சொன்னாங்களாம். "ஜூன் 14ஆம் தேதி உங்களுக்கு 98,999 ரூபாய் போயிருக்கு இல்லையா மேடம், அது பாஸ் ஆயிடுச்சு, ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா அக்கவுன்ட்ல ஏறிடும்." தேதியும் தொகையும் பைசா மாறாம சரியா இருந்துச்சு. ஒரு நிமிஷம் நெஞ்சு அடிச்சுக்கிச்சுன்னு அத்தை சொன்னாங்க, பணம் வருமோன்னு. அப்புறம்தான் அந்தத் தொகை பேங்க்குக்கும் போலீஸுக்கும் தெரியும்னா எடுத்தவனுக்கும் தெரியும்தானேன்னு தோணியிருக்கு. மெசேஜ் வந்துச்சு. கட் பண்ணிட்டு, மெசேஜைத் திறந்து, மூக்குக்கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. ஏதோ ஒரு கடன் குடுக்கற ஆப்ல அத்தை நம்பரைப் போட்டு லாகின் பண்றதுக்கான ஓடிபி, பத்து நிமிஷம் செல்லும்னு போட்டிருந்துச்சு. போன் நாலு தடவை அடிச்சுது, எடுக்கலை. டேபிள் மேல வச்சிட்டு எதிர்ல இருந்த கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். பதினோராவது நிமிஷம் எனக்குப் போன் பண்ணி முதல் வார்த்தையே, "டேய் தம்பி, அந்த நம்பர் செத்துப் போச்சுடா."